ஏழு கோடுகள், ஒரு டயமண்ட்: ஒரு லோகோவுக்குள் இருக்கும் வரலாறு

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு படத்தைப் பத்தித்தான். ஆடியோவில் படமான்னு கேட்காதீங்க, வார்த்தையிலேயே வரைந்து காட்டுகிறேன். பக்கத்தில் பேப்பரும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கோங்க. பஸ்ஸில் நின்னுக்கிட்டு கேட்கிறவங்க மனசுக்குள்ளேயே வரைஞ்சுக்கலாம்.

நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதன் மேல் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஏழு படுக்கைக் கோடுகள். சில நீளம், சில குட்டை. பெரும்பாலானவை இடது பக்கம் சாய்ந்து கிடக்கின்றன, ஆனாலும் நடுக்கோட்டை வெட்டிக்கொண்டு போகின்றன. எல்லாவற்றுக்கும் கீழே, நடுக்கோட்டைத் தொடாமல் இடது பக்கம் தனியாக ஒரு சின்ன டயமண்ட். இதைச் சுற்றி ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு ஆங்கில ‘சி’ எழுத்துகளைப் போட்டால், அதுதான் காக்ரேன் அமைப்பின் லோகோ. மருத்துவ ஆய்வுகளைத் தேடித் திரட்டி, சேர்த்து வைத்து, ‘மொத்தத்தில் இந்த சிகிச்சை வேலை செய்கிறதா’ என்று பதில் சொல்வதற்காக 1993-இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது.

லோகோன்னா யாரோ ஒரு டிசைனர் அழகுக்குப் போட்டதுன்னு நினைப்போம். இந்த ஏழு கோடுகள் அப்படி இல்லை. ஏழும் உண்மையான டேட்டா. ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு மருத்துவச் சோதனை இருக்கிறது, அதில் பிறந்த குழந்தைகளும் இறந்த குழந்தைகளும் இருக்கிறார்கள்.

இந்த மாதிரிப் படத்துக்கு ஃபாரஸ்ட் பிளாட் என்று பெயர். டாக்டருக்குப் படிக்கிற ஃப்ரெண்ட் இருந்தால் கேட்டுப் பாருங்க, பிஜி சேர்ந்ததும் ஜர்னல் கிளப் என்று ஒன்று வரும். ஒருவர் ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் பிரித்து மேய வேண்டும். அதில் ஃபாரஸ்ட் பிளாட் ஸ்லைடு வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: “டயமண்ட் கோட்டைத் தொடலை, அதனால சிக்னிஃபிகன்ட், நெக்ஸ்ட் ஸ்லைடு.” பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு இந்த ஏழு கோடுகளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, கதை ஆட்டுக்குட்டியில் ஆரம்பிக்கிறது.

1960களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு கேள்வியோடு சுற்றிக்கொண்டிருந்தார். பிரசவ வலியை ஆரம்பித்து வைப்பது தாயா, வயிற்றில் இருக்கும் சிசுவா? அதைக் கண்டுபிடிக்க, சினையாக இருந்த ஆடுகளின் கருவுக்குள் ஸ்டீராய்டு ஹார்மோன் செலுத்திப் பார்த்தார். ஆடுகள் சீக்கிரமே குட்டி போட்டன. அவர் தேடிய பதில் அது. ஆனால் கூடவே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அவ்வளவு முன்கூட்டிப் பிறந்த குட்டிக்கு நுரையீரல் விரியவே கூடாது. விரிந்திருந்தது. உடனே செத்திருக்க வேண்டிய குட்டி மூச்சு விட்டது.

இது ஏன் பெரிய விஷயம்? நம் நுரையீரலுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சோப்பு மாதிரி வேலை செய்யும் ஒரு பொருள் தேவை. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். கருவில் அது கடைசி வாரங்களில்தான் போதுமான அளவு சுரக்கும். அதற்கு முன்னால் பிறக்கும் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிப்போன பலூனைப் புதிதாக ஊதுவது போலப் போராட வேண்டும். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்குக் குறைமாதத்தில் பிறந்த மகன் இந்தப் பிரச்சினையால்தான் இரண்டு நாள்கூட வாழாமல் இறந்தான். அமெரிக்க அதிபரின் குழந்தைக்கே அன்றைக்கு மருத்துவத்தில் வழி இல்லை.

லிகின்ஸும் ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, ஆட்டில் பார்த்ததை மனிதர்களிடம் சோதித்தார்கள். 1969 டிசம்பரில் தொடங்கினார்கள். குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்மார்களில் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, பாதிப் பேருக்கு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. மீதிப் பேர் கன்ட்ரோல் குழு. 1972-இல் முதல் 282 தாய்மார்களின் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறந்த சில நாள்களுக்குள் இறந்த குழந்தைகள், ஊசி போட்ட பக்கம் 3.2 சதவீதம், போடாத பக்கம் 15 சதவீதம். விலை குறைந்த ஊசி, கொடுப்பதும் சுலபம்.

இதற்குப் பிறகு உலகம் முழுக்க எல்லா லேபர் வார்டிலும் இந்த ஊசி வந்திருக்கும்னு நினைப்பீங்க. வரலை. 20 வருடத்துக்கு மேல் ஆனது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் அந்த ஏழு கோடுகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கப் போகிறோம்.

ஆக்லாந்துக்குப் பிறகு வேறு இடங்களிலும் சோதனைகள் நடந்தன. லோகோவில் இருப்பவை அப்படி 1970களில் நடந்தவை. முதல் கோடு ஆக்லாந்து. அந்தச் சோதனை 1974 வரை தொடர்ந்தது, அதனால் எண்ணிக்கை கூடியிருக்கும். ஸ்டீராய்டு பக்கம் 532 குழந்தைகள், 36 இறப்பு. கன்ட்ரோல் பக்கம் 538 குழந்தைகள், 60 இறப்பு.

இதை எப்படி ஒரு கோடாக மாற்றுவது? ஸ்டீராய்டு பக்கம் 36 பேர் இறந்தார்கள், 496 பேர் பிழைத்தார்கள். 36-ஐ 496-ஆல் வகுத்தால் 0.073. கன்ட்ரோல் பக்கம் 60 இறப்பு, 478 பேர் பிழைத்தார்கள். வகுத்தால் 0.126. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 0.58. இதுதான் ஆட்ஸ் ரேஷியோ. 1 என்று வந்திருந்தால் இரு பக்கமும் சமம். நடுவில் போட்டோமே செங்குத்துக் கோடு, அது அந்த 1. அதற்கு இடது பக்கம் போனால் ஸ்டீராய்டு கொடுத்த பக்கம் இறப்பு குறைவு. வலது பக்கம் போனால் அதிகம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எது இடது, எது வலது என்பது படத்துக்குப் படம் மாறும். இறப்பை அளந்தால் இடது நல்லது. குணமானவர்களை அளந்தால் வலது நல்லது. அச்சுக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் பேச ஆரம்பிக்காதீங்க.

0.58 என்பது கோட்டின் நடுப்புள்ளி. முழுப் படத்தில் அங்கே ஒரு சின்னச் சதுரம் இருக்கும், லோகோவில் அதை விட்டுவிட்டார்கள். அதன் இரு பக்கமும் நீளும் கோடுதான் 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வல். ஆக்லாந்துக்கு அது 0.38-இலிருந்து 0.89 வரை. ‘இந்த டேட்டாவோடு ஒத்துப்போகக்கூடிய பதில்கள் ஏறக்குறைய இந்த எல்லைக்குள் இருக்கும்’ என்று அதைப் படிக்கலாம். முழுக் கோடும் 1-க்கு இடது பக்கமே இருக்கிறது.

இப்போ இரண்டாவது கோடு. பிளாக் என்பவரின் சோதனை. ஸ்டீராய்டு பக்கம் 69-இல் 1 இறப்பு, கன்ட்ரோல் பக்கம் 61-இல் 5. ஐந்துக்கு ஒன்று! பார்த்தவுடன் ஆக்லாந்தைவிடப் பெரிய வெற்றி போலத் தெரியும். ஆட்ஸ் ரேஷியோ 0.16. ஆனால் கோடு எங்கிருந்து எங்கே ஓடுகிறது பாருங்க: 0.02-இலிருந்து 1.45 வரை. ஊசி கிட்டத்தட்ட எல்லா இறப்பையும் தடுத்திருக்கலாம், கொஞ்சம் கெடுதலும் செய்திருக்கலாம், இரண்டையும் இந்த டேட்டா மறுக்கவில்லை. மொத்தம் 6 இறப்புகளை வைத்துக்கொண்டு இதற்கு மேல் சொல்ல முடியாது.

மற்ற ஐந்தையும் வேகமாகப் பார்த்துவிடலாம். டோரன் 0.25, கோடு 1-ஐத் தொடவில்லை. கம்சு 0.70, மாரிசன் 0.35, பாபஜார்ஜியு 0.14, மூன்றுமே இடது பக்கம், ஆனால் மூன்றின் கோடும் 1-ஐ வெட்டுகிறது. கடைசியாக டாய்ஷ். 56-இல் 8 இறப்பு, கன்ட்ரோல் பக்கம் 71-இல் 10. ஆட்ஸ் ரேஷியோ 1.02. ஏழில் இது ஒன்றுதான் நடுப்புள்ளி மயிரிழையில் வலது பக்கம் போனது.

இப்போ உங்களை 1980களின் கடைசியில் ஒரு மகப்பேறு மருத்துவராகக் கற்பனை பண்ணிக்கோங்க. இந்த ஏழும் ஒரே பக்கத்தில் உங்கள் முன்னால் இல்லை. வெவ்வேறு ஜர்னல், வெவ்வேறு வருடம். கட்டுரையில் நீங்கள் தேடுவது p < 0.05 இருக்கிறதா என்று. ஏழில் இரண்டில் இருக்கிறது, ஐந்தில் இல்லை. ஸ்கோர் போட்டால் 5-2, ஸ்டீராய்டு தோல்வி. கூடவே பயங்களும் இருந்தன. ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பைக் குறைக்குமே, தாய்க்கு இன்ஃபெக்ஷன் வந்தால்? குழந்தையின் வளர்ச்சியைப் பின்னால் பாதித்தால்? முட்டாள்தனமான பயங்கள் இல்லை, நியாயமானவைதான். ‘முடிவு தெளிவா இல்லை, ரிஸ்க் எதுக்கு’ என்று ஊசியை எடுக்காமல் விடுவது பொறுப்பான முடிவு போலவே தோன்றியிருக்கும்.

தப்பு அந்த 5-2 ஸ்கோரில் இருக்கிறது. கோடு 1-ஐ வெட்டினால் ‘சிகிச்சைக்குப் பலன் இல்லை’ என்று அர்த்தம் இல்லை. ‘பலன் இருக்கா இல்லையான்னு இந்த ஒரு சோதனையால மட்டும் சொல்ல முடியலை’ என்றுதான் அர்த்தம். இரண்டும் ஒன்று இல்லை. 1978-இலேயே ஃப்ரைமன் என்பவரும் சக ஆய்வாளர்களும் ‘பலன் இல்லை’ என்று முடித்திருந்த 71 சோதனைகளை எடுத்து, ஒவ்வொன்றின் இன்டர்வலையும் கோடாக வரைந்து காட்டினார்கள். அவற்றில் 50, சிகிச்சை பாதிக்குப் பாதி பலன் தந்திருந்தால்கூடத் தவறவிட்டிருக்கக்கூடிய அளவுக்குச் சின்னவை. ஃபாரஸ்ட் பிளாட்டின் முன்னோர்களில் அந்தப் படமும் ஒன்று.

ஸ்கோர் போடுவதை விட்டுவிட்டு நடுப்புள்ளிகளை மட்டும் பாருங்க. ஏழில் ஆறு இடது பக்கம். ஊசிக்கு எந்தப் பலனும் இல்லை என்றால் ஒவ்வொரு சோதனையும் காசு சுண்டுவது மாதிரி, இடமும் போகலாம், வலமும் போகலாம். ஏழு முறை சுண்டி ஆறோ ஏழோ இடது பக்கம் விழ வாய்ப்பு 128-இல் 8, அதாவது 16-இல் 1. தீர்ப்பு எழுத இது போதாது, ஆனால் புருவம் உயர வேண்டும். காசு சுண்டும் கணக்கு எல்லாச் சோதனையையும் சமமாக எடுத்துக்கொள்கிறது என்பது அதன் குறை. அதைச் சரி செய்வதுதான் டயமண்ட்.

டயமண்ட் என்பது ஏழையும் எடை போட்டுச் சேர்த்த பதில். ஏழையும் ஒரே மேஜையில் கொட்டி, மொத்தம் 1007-இல் 67, 1004-இல் 120 என்று நேரடியாகக் கூட்டுவது இல்லை. அப்படிச் செய்தால் ஒரு நாட்டின் ஊசி போட்ட குழந்தையை இன்னொரு நாட்டின் ஊசி போடாத குழந்தையோடு ஒப்பிட்டதாகிவிடும். ஒவ்வொரு சோதனைக்குள்ளும் அதன் இரு பக்கங்களை ஒப்பிட்டு, அந்த ஒப்பீடுகளைத்தான் எடை போட்டுச் சேர்க்கிறார்கள்.

எடை எங்கிருந்து வருகிறது? குழந்தைகளின் எண்ணிக்கையிலிருந்து என்று தோன்றும், ஆனால் பெரும்பாலும் இறப்புகளின் எண்ணிக்கையிலிருந்து. இந்த ஏழிலும் சேர்த்து 187 இறப்புகள், அதில் 96 ஆக்லாந்தில். அதனால் டயமண்டின் எடையில் பாதி ஆக்லாந்துடையது. ஆயிரம் பேரை வைத்து நடத்திய சோதனையில் 4 பேர்தான் இறந்தார்கள் என்றால், இறப்பைப் பற்றி அந்தச் சோதனைக்கு 4 பேர் அளவுக்குத்தான் தெரியும். ஜர்னல் கிளப்பில் யாராவது “இதில் இத்தனை ஆயிரம் பேஷண்ட்ஸ்” என்று ஆரம்பித்தால், ஈவென்ட் எத்தனைன்னு கேளுங்க.

எல்லாம் சேர்த்தால் டயமண்டின் நடு 0.53. அதன் இடது முனை 0.39, வலது முனை 0.73. டயமண்டின் அகலமே அதன் இன்டர்வல் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 1 எங்கேயோ தூரத்தில் இருக்கிறது.

இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆர் மொழியில் `rmeta` என்ற பேக்கேஜுக்குள் இந்த லோகோவின் டேட்டா அப்படியே இருக்கிறது. எபிசோடில் வாசித்துக் காட்டினால் தூங்கிவிடுவீங்க, அதனால் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

```
library(rmeta)
data(cochrane)
m <- meta.MH(n.trt, n.ctrl, ev.trt, ev.ctrl,
             names = name, data = cochrane)
summary(m)
plot(m)
```

ஓட்டிப் பார்க்கும்போது அச்சைக் கவனியுங்க. 0.5-க்கும் 1-க்கும் இடையே உள்ள தூரமும், 1-க்கும் 2-க்கும் இடையே உள்ள தூரமும் சமமாக இருக்கும். லாக் ஸ்கேல். பாதியாவதும் இரண்டு மடங்காவதும் ஒரே அளவு மாற்றம் என்பதால் அப்படி வரைகிறார்கள். இதை மறந்துவிட்டுக் கண்ணால் தூரத்தை அளந்தால் கணக்கு தப்பும்.

டயமண்டை நம்புவதற்கு முன்னால் இரண்டு சோதனை செய்து பார்க்கணும். இந்த எபிசோடில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகணும்னா இதை எடுத்துக்கிட்டுப் போங்க.

முதல் சோதனைக்கு ஒரு ஸ்கேல் போதும். டயமண்டின் நடுவிலிருந்து நேர்மேலே ஒரு கோடு இழுங்க. ஏழு இன்டர்வலையும் அது வெட்டுகிறதா? இந்தப் படத்தில் வெட்டுகிறது. 1.02 என்று நின்ற டாய்ஷ் சோதனையின் கோடுகூட 0.37-இல் ஆரம்பிப்பதால், 0.53 அதற்குள் வந்துவிடுகிறது. ஆக டாய்ஷ் மற்றவர்களோடு சண்டை போடவில்லை. சின்னச் சோதனை, அதனால் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டுரையில் இதையே ஹெட்டரோஜெனிட்டி என்ற பெயரில் எண்ணாகக் கொடுத்திருப்பார்கள். கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் ஆளுக்கொரு திசையில் கிடந்தால், டயமண்ட் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் அது யாருடைய பதிலும் இல்லை.

இரண்டாவது, பெரிய ஆளைத் தூக்கிவிட்டுப் பார்ப்பது. பாதி எடை ஆக்லாந்துடையது என்றால், இது வெறும் ஆக்லாந்து கதைதானா? அதை நீக்கிவிட்டு மீதி ஆறை மட்டும் போட்டுப் பார்த்தேன். ஆட்ஸ் ரேஷியோ சுமார் 0.48, இன்டர்வல் 1-ஐத் தொடவில்லை. அந்த ஆறில் ஐந்து, தனித்தனியாகப் பார்த்தால் ‘முடிவு தெளிவில்லை’ என்று ஒதுக்கப்பட்டவை. சேர்ந்து நின்றால் ஆக்லாந்து சொன்னதையே சொல்கின்றன. 5-2 என்று தோற்றதாக நினைத்த மேட்ச் இதுதான்.

ரேஷியோவோடு நிறுத்தக் கூடாது என்பதற்கும் ஒரு சின்னக் கணக்கு. ஊசி இல்லாமல் ஆயிரத்துக்குச் சுமார் 120 குழந்தைகள் இறந்தன. ஊசியோடு சுமார் 67. ஆயிரத்துக்கு 53 உயிர், அதாவது 19 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை. இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் நேரடியாகக் கூட்டியிருக்கிறேன், அதனால் இது தோராயம்தான்.

ஆக, பதில் தனித்தனித் துண்டுகளாக ஜர்னல்களில் கிடந்தது. சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

1979-இல் ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், ஒவ்வொரு துறையும் தன் சோதனைகளையெல்லாம் திரட்டிச் சுருக்கி வைத்திருக்கவில்லை என்பது மருத்துவத்தின் மீதான பெரிய குற்றச்சாட்டு என்று எழுதினார். அறிவியல் ஆதாரத்தை மதிப்பதில் கடைசி இடத்துக்கான மரக்கரண்டிப் பரிசை மகப்பேறு மருத்துவத்துக்குக் கொடுத்தார். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ரோஸ்ட். அதைச் சவாலாக எடுத்துக்கொண்டவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த இயன் சால்மர்ஸ். அவரும் சக ஊழியர்களும் பிரசவம் தொடர்பான சோதனைகளை ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்தார்கள். 1990-இல் பட்ரீஷியா குரோலி, சால்மர்ஸ், கெய்ர்ஸே மூவரும் ஸ்டீராய்டு பற்றிய 12 சோதனைகளைச் சேர்த்து வெளியிட்ட கட்டுரை சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. அதன் பிறகும் நடைமுறை மாற நேரம் பிடித்தது. 1994-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர் குழுவைக் கூட்டியபோது, மிகக் குறைந்த எடையில் குழந்தை பெறும் தாய்மார்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட இந்த ஊசி கிடைக்கவில்லை என்று தெரியவந்தது. லிகின்ஸ் கட்டுரை வந்து 22 வருடம் கழித்து!

சோதனைகளை உரிய நேரத்தில் சேர்த்துப் பார்க்காததால் பல்லாயிரம் குறைமாதக் குழந்தைகள் தேவையில்லாமல் துன்பப்பட்டோ இறந்தோ போயிருக்கலாம் என்று காக்ரேன் அமைப்பே லோகோவுக்கான விளக்கத்தில் எழுதியது. 1993-இல் அமைப்பு தொடங்கியபோது இந்தப் படத்தையே லோகோவாக வைத்ததற்குக் காரணம் அதுதான்.

பெரும்பாலான இடங்களில் இந்தக் கதையை இதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு இதற்கு அடுத்த பகுதிதான் முக்கியம், ஏன்னா அது நம்ம ஊர்ப் பக்கம் வருகிறது.

அந்த ஏழு சோதனைகளிலும் ஊசி போடப்பட்டது மருத்துவமனைகளில். குழந்தை பிறந்தால் பார்த்துக்கொள்ள வசதி இருந்த இடங்கள். ஃபாரஸ்ட் பிளாட்டின் இடது ஓரத்தில் சோதனைகளின் பெயரும் வருடமும் இருக்கும். யார், எந்த இடம், என்ன வசதி என்பது அந்தப் பெயர்களுக்குள் மறைந்திருக்கும். டயமண்டில் அது தெரியாது.

இவ்வளவு நல்ல ஊசியை ஏழை நாடுகளின் கிராமங்களுக்கும் கொண்டுபோனால் என்ன? இந்தக் கேள்வியோடு இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, அர்ஜென்டினா, குவாதமாலா ஆகிய 6 நாடுகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் பிரசவங்களை உள்ளடக்கி ‘ஆக்ட்’ என்ற சோதனை நடந்தது. இந்தியாவில் பெல்காமும் நாக்பூரும். இங்கே குலுக்கல் ஆள் ஆளாக இல்லை, பகுதி பகுதியாக. சில பகுதிகளின் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியும் ஊசி மருந்தும் கொடுத்தார்கள். கர்ப்பம் எத்தனை வாரம் என்று ஸ்கேன் இல்லாத இடத்தில் கணிக்க, வயிற்றின் உயரத்தை அளக்கும் வண்ண டேப்பும் கொடுத்தார்கள்.

2015-இல் லான்செட் ஜர்னலில் வந்த முடிவு பலரை உலுக்கியது. மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் பிறந்து 28 நாளுக்குள் இறப்பு, ஊசித் திட்டம் இருந்த பகுதிகளில் ஆயிரத்துக்கு 27.4, இல்லாத பகுதிகளில் 23.9. ரிஸ்க் ரேஷியோ 1.12, இன்டர்வல் 1.02-இலிருந்து 1.22 வரை. முழுக் கோடும் 1-க்கு வலது பக்கம். தாய்மார்களிடம் இன்ஃபெக்ஷன் சந்தேகமும் கூடியது. 1970களில் மருத்துவர்கள் பயந்தது இதற்குத்தானே!

என்ன நடந்தது? ஊசி வாங்கிய தாய்மார்களில் பெரும்பாலானவர்களுக்கு மிகச் சிறிய குழந்தை பிறக்கவே இல்லை. டேப் வைத்துக் கணிக்கும்போது நிறைமாதத்துக்கு அருகில் இருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களின் குழந்தைக்கு இந்த ஊசியால் கிடைக்கக்கூடிய நன்மை மிகக் குறைவு. உண்மையிலேயே குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ, ஊசி நுரையீரலை மட்டும்தான் தயார் செய்யும். அதற்குப் பிறகு வேண்டிய சூடு, ஆக்சிஜன், இன்ஃபெக்ஷன் கவனிப்பு பல இடங்களில் இல்லை. கெடுதல் ஏன் கூடியது என்பதற்கு இவை நியாயமான விளக்கங்கள். அந்தச் சோதனையால் உறுதியாக நிரூபிக்கப்பட்டவை இல்லை.

அப்போ ஊசியே வேண்டாமா? இதற்குப் பதில் சொல்ல உலக சுகாதார நிறுவனம் ‘ஆக்‌ஷன்’ என்ற சோதனையை நடத்தியது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா. இந்த முறை கிராமம் இல்லை, 29 மருத்துவமனைகள். கர்ப்ப வாரத்தை ஸ்கேன் மூலம் உறுதி செய்தார்கள். 26 வாரம் முடிந்து 34 வாரம் ஆகாதவர்களுக்கு மட்டும் டெக்சாமெத்தசோன். குறைந்தபட்சக் குழந்தைப் பராமரிப்பு வசதி இருந்த இடங்கள். 2852 தாய்மார்கள். பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2020-இல் வெளியான முடிவு: குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. ரிஸ்க் ரேஷியோ 0.84, இன்டர்வல் 0.72-இலிருந்து 0.97.

அதே வகை மருந்து. ஒரு சோதனையின் கோடு 1-க்கு வலது பக்கம், இன்னொன்று இடது பக்கம். இரண்டையும் ஒரே படத்தில் போட்டுச் சராசரி எடுத்தால் டயமண்ட் எங்கேயோ நடுவில் வந்து உட்கார்ந்து, ‘பெரிசா ஒண்ணும் இல்லை’ன்னு சொல்லும். பெல்காமின் ஒரு கிராமத்துத் தாய்க்கும் அது பொருந்தாது, ஸ்கேன் எடுத்து மருத்துவமனையில் படுத்திருக்கும் தாய்க்கும் பொருந்தாது. ஜர்னல் கிளப்பில் கையைத் தூக்க வேண்டிய இடம் இதுதான். டயமண்ட் எங்கே இருக்குன்னு பார்த்த பிறகு, இடது ஓரத்தில் இருக்கும் பெயர்களில் நம்ம வார்டு மாதிரி எது இருக்குன்னு கேளுங்க.

லோகோவில் டயமண்ட் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் காக்ரேன் 2020-இல் வெளியிட்ட அதே தலைப்பிலான மறு ஆய்வில் 27 சோதனைகள், 11,272 தாய்மார்கள். பிறந்த குழந்தை இறப்புக்கான ரிஸ்க் ரேஷியோ 0.78, இன்டர்வல் 0.70-இலிருந்து 0.87. ரிஸ்க் ரேஷியோவும் ஆட்ஸ் ரேஷியோவும் ஒன்று இல்லை என்றாலும், பழைய ஏழை ரிஸ்க் ரேஷியோவாகப் போட்டாலும் 0.56 பக்கம்தான் வரும். டயமண்ட் ஒல்லியாகி, 1-ஐ நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நடுவில் செயற்கை சர்ஃபாக்டன்ட் வந்தது, வென்டிலேட்டர்கள் மேம்பட்டன, அதனால் ஊசி தனியாகக் காப்பாற்ற வேண்டிய உயிர்கள் குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம். முதலில் வரும் சின்னச் சோதனைகள் கொஞ்சம் கூடுதலாகவே நம்பிக்கை தரும் என்பது இன்னொன்றாக இருக்கலாம்.

அடுத்த எபிசோடில் சர்வைவல் கர்வ், அந்தப் படிக்கட்டு மாதிரிப் படம். அதில் வால் பகுதியை ஏன் அவசரப்பட்டு நம்பக் கூடாதுன்னு பார்க்கலாம்.